துணையின் மனச்சோர்வை ஒருவரே சுமக்கும்போது

பாலக்கோட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 38 வயது, மனைவிக்கு 33. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் உடன் இருக்கிறார்கள். இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல, விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்டது. ஆனாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதைப் படிப்பவர்கள் இதில் தங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டைக் கண்டுகொள்ளக்கூடும்.

பறிப்புக் காலத்தில் விடியுமுன் எழுவது அந்த வீட்டுக்குப் பழகியதுதான். இப்போதோ பறிப்பு இல்லாத நாளிலும் அவருக்கு 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. விழித்தவர் எழுவதில்லை, விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறார். காலையில் பல் துலக்கப் போவதே பெரிய வேலையாக இருக்கிறது. களி பிசைந்து வைத்தால் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுகிறார். சாயங்காலமானால் கொஞ்சம் தெளிந்து டீக்கடை வரை போய்வருகிறார். அதைப் பார்த்த சொந்தக்காரர்கள், “வேலைன்னா படுத்துக்கறான், டீக்கடைன்னா எழுந்துக்கறான்” என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். உண்மையில் விடியுமுன்னே தூக்கம் கலைவதும், காலையில் மனம் மிகவும் கனத்து மாலையில் ஓரளவு இலேசாவதும் மனச்சோர்வு நோயில் மருத்துவர்கள் குறிப்பாகக் கேட்டறியும் அடையாளங்கள். நடிப்பு என்று ஊர் எதைக் காட்டுகிறதோ அதுவே நோயின் சாட்சியாகவும் இருக்கலாம்.

அவர் வாயிலிருந்து “மனசு சரியில்லை” என்ற சொல் வந்ததே இல்லை. உடம்பெல்லாம் அசதி, தலை கனம், நெஞ்சு படபடப்பு, வயிற்றில் காஸ் என்றுதான் சொல்கிறார். நம் ஊரில் மனச்சோர்வு உடம்பின் வழியாகப் பேசுவதே அதிகம். அதனால் இசிஜி, ஸ்கேன், சத்து ஊசி என்று மூன்று மாதமும் கணிசமான பணமும் போயின. நடுவில் ஒருமுறை மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, துக்கம் அல்லது எரிச்சல், தூக்கமும் பசியும் குலைவது, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் ஆகியவை பெரும்பாலான நேரமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வேலையையும் தடுத்தால் அதை நோயாகக் கருதிப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் இரண்டு வாரம் எப்போதோ கடந்துவிட்டது.

இந்தக் கட்டுரை முக்கியமாக அவரைப் பற்றியது அல்ல, அவருடைய மனைவியைப் பற்றியது. அந்த மூன்று மாதத்தில் அவருக்கு நடந்தது மெதுவாக நடந்ததால் அவரே அதைக் கவனிக்கவில்லை. முதலில் மண்டிக்குத் தக்காளி ஏற்றிவிடும் பொறுப்பு அவரிடம் வந்தது. பிறகு கூட்டுறவு சங்கக் கடனின் தவணை, பிறகு பிள்ளைகளின் பள்ளி விவகாரம். “எங்கே ஆளைக் காணோம்” என்று கேட்பவர்களுக்குக் “காய்ச்சல், வைரல் காய்ச்சல்” என்று பதில் சொல்லும் வேலையும் சேர்ந்தது. இரவில் கணவர் புரண்டு படுத்தாலே அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். தங்கை போன் செய்தால் “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறார். இவை எல்லாவற்றையும்விடக் கனமானது கணவர் கேட்கும் ஒரே கேள்வி: “நான் தேறிடுவேனா? என்னை விட்டுட்டுப் போயிட மாட்டியே?” ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை அது வருகிறது.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் காயின் 1976ஆம் ஆண்டு ஒரு விளக்கத்தை முன்வைத்தார். மனச்சோர்வில் இருப்பவர் நெருங்கியவரிடம் ஆறுதலும் உறுதியும் கேட்கிறார், நெருங்கியவர் கொடுக்கிறார். ஆனால் தன்னை மதிப்பற்றவராக எண்ணும் மனம் அந்த உறுதியை நம்ப மறுக்கிறது, “பாவம் பார்த்துச் சொல்கிறாள்” என்று எடுத்துக்கொள்கிறது. எனவே மறுபடி கேட்கிறது. மறுபடி மறுபடி கேட்கப்படும்போது பதில் சொல்பவரின் குரலில் சலிப்பு ஏறுகிறது. சொல் அன்பாக இருந்தாலும் முகம் வேறு சொல்கிறது. கேட்டவர் அந்த முகத்தைப் படித்து, தான் பயந்தது சரிதான் என்று முடிவு செய்கிறார். இருவரும் நல்லவர்களாக இருந்தும், இருவரும் முயன்றும், சுழல் இறுகுகிறது. காயினும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1987இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மனச்சோர்வு கண்டிருக்கும் ஒருவரோடு ஒரே வீட்டில் வாழும் பெரியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், தாங்களே உளவியல் உதவிக்கு அனுப்பப்பட வேண்டிய அளவுக்கு வேதனையில் இருந்தது தெரியவந்தது. சுமப்பவர் உடைவது அவருடைய பலவீனம் என்று பேசுவோருக்கு இந்த எண்ணிக்கையைத்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. ஜில் ஹூலி, ஜான் டீஸ்டேல் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல், மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற திருமணமானவர்களைத் தொடர்ந்து 9 மாதம் கவனித்தார்கள். யாருக்கு நோய் திரும்புகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லப் பெரிய பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை. “உங்கள் துணைவர் உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்?” என்று கேட்டு, ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் தரச் சொன்னார்கள். அந்த ஒரு கேள்விக்கான பதில் நோய் திரும்புவதோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் குறையை விட, நோயாளியின் காதில் விழும் குறையே இங்கே கணக்கு.

நம் வீடுகளில் குறை பெரும்பாலும் திட்டாக வருவதில்லை, அக்கறையின் உடையில்தான் வருகிறது. “எழுந்து நாலு அடி நடந்தா எல்லாம் சரியாயிடும்ங்க”, “உங்களைவிடக் கஷ்டப்பட்டவங்க இல்லையா?”, “பிள்ளைங்க முகத்தைப் பார்த்தாவது தைரியமா இருங்க” என்ற சொற்களில் சொல்பவரின் தவிப்பு இருக்கிறது. கேட்பவருக்கோ “நீ முயலவில்லை” என்பது மட்டுமே கேட்கிறது. இப்போது இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். தனியாகச் சுமப்பவர் களைக்கிறார். களைத்தவர் பேச்சில் குறை கூடுகிறது. குறை கூடினால் நோய் நீள்கிறது. நோய் நீண்டால் களைப்பும் நீள்கிறது. ஆகவே சுமையைப் பகிர்வது மனைவிக்குச் செய்யும் சலுகையோ, கணவரைக் கைவிடுவதன் முதல் படியோ அல்ல. கணவரின் சிகிச்சையில் அதுவும் ஒரு பகுதி. பல பெண்கள் “நான் கொஞ்சம் விலகினா அவருக்கு யாரு இருக்கா” என்று கேட்டுத் தங்களைத் தாங்களே கட்டிப்போட்டுக்கொள்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பகிர்வது என்றால் எதை, யாரிடம்? அந்தப் பெண் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, தான் இப்போது செய்யும் வேலைகளை எழுதிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து, ஆஸ்பத்திரி, மண்டி, கடன், இரவுக் காவல், ஊருக்குப் பதில், பிள்ளைகள், ஆறுதல். இவற்றில் மனைவி மட்டுமே செய்யக்கூடியது எது என்று கேட்டால், கடைசியில் மிஞ்சுவது கூட இருப்பது ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்வது, தொடுவது, “உங்களுக்கு நோய், அது உங்க தப்பில்லை” என்று சொல்வது. மற்றவை எல்லாம் கைமாறக்கூடியவை.

முதலில் கைமாற வேண்டியது நோயைப் பற்றிய தீர்ப்பு. அது மருத்துவருடையது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, 2022இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவை அணுகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு வட்டார மருத்துவமனைகளுக்கு வரும் நாளையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் எட்டும் தூரம். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் கூலியை இழந்து போக முடியாது என்று தெரிந்தால், தொடர் சிகிச்சையை அருகிலேயே வைத்துக்கொள்வது நல்லது. போக முடியாத நிலையில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அந்தச் சேவையை நோயாளி மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவரும் தனக்காக அழைக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை.

மருத்துவரைப் பார்க்கும் நேரம் சில நிமிடம்தான். எனவே மனைவி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது பெரிய உதவி. எத்தனை மணிக்கு விழிப்பு, எவ்வளவு சாப்பாடு, எப்போதிலிருந்து, எந்த வேலையை விட்டார், குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. இன்னொன்றையும் கேட்காமலே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், கடன் வாங்கி இரண்டு போர்வெல் போட்டு, பெரிய பெரிய திட்டம் பேசிய காலம் ஏதாவது இருந்ததா என்பது. நோயாளி அதை நோயாக நினைத்திருக்க மாட்டார், “அப்போ நான் நல்லா இருந்தேன்” என்பார். அது இருமுனை நோயின் அறிகுறியாக இருந்தால் சிகிச்சையே வேறு. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் மறுபக்கம் எகிறிவிடக்கூடும். இதைக் கவனித்துச் சொல்லக்கூடியவர் உடன் வாழ்பவர்தான். தைராய்டு குறைவும் இதே சோர்வைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதினால் தட்ட வேண்டாம்.

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வலி மாத்திரை போல அன்றே வேலை செய்வதில்லை. குமட்டல், தலைவலி போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனை மதிப்பிட 6 முதல் 8 வாரம் வேண்டும். தொந்தரவு முன்னால் வந்து பலன் பின்னால் வருவதால்தான் பலர் பத்தாம் நாளில் நிறுத்திவிடுகிறார்கள். இவை அடிமையாக்கும் மாத்திரைகள் அல்ல. ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் படபடப்பும் வரும் என்பதால், மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். தாம்பத்திய நாட்டம் குறைவது மருந்தாலும் வரலாம், நோயாலும் வரலாம். அதைத் தன்மேல் உள்ள வெறுப்பு என்று மனைவி எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்ற வழி உண்டு.

அடுத்த சிக்கல், யாரிடம் சொல்வது. நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இது வந்து நிற்குமே என்ற பயம் வெறும் கற்பனை அல்ல, ஊர் அப்படித்தான் பேசும். ஆனால் ஊருக்குச் சொல்வதும் இரண்டு பேரிடம் சொல்வதும் ஒன்றல்ல. அந்தப் பெண் முதலில் கணவரிடமே கேட்கிறார், நல்ல நேரமான மாலையில்: “ஏங்க, உங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லட்டுமா? மண்டிக்கு அவர் வந்துட்டா நான் உங்ககூடக் கொஞ்ச நேரம் உட்காரலாம்.” கணவர் முதல் நாள் மறுக்கிறார், நான்காம் நாள் தலையசைக்கிறார். கொழுந்தனாரிடம் பேசும்போது, “உங்க அண்ணனைப் பார்த்துக்கங்க” என்று பொதுவாகச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் வரமாட்டார்கள். “செவ்வாயும் வெள்ளியும் லோடு நீங்க ஏத்திவிடுங்க. மாசம் ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க. அவர்கிட்ட தைரியமா இருன்னு மட்டும் சொல்லாதீங்க” என்கிறார். நாளும் வேலையும் தெரிந்தால் ஆண்பிள்ளைகள் செய்துவிடுவார்கள். ஆறுதல் சொல்லத்தான் அவர்களுக்கு வராது, டிராக்டர் ஓட்ட வரும்.

கணவர் யாரிடமும் சொல்லவே கூடாது என்று உறுதியாக நின்றால்? அவருடைய நோய் அவருடைய கதை, அதை அவர் அனுமதியின்றிப் பரப்பாமல் இருப்பது சரி. ஆனால் மனைவியின் தூக்கமின்மையும் அழுகையும் பயமும் மனைவியின் கதை. அதைத் தன் தங்கையிடமோ நம்பகமான ஒரு தோழியிடமோ சொல்ல அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. “எனக்கு ரெண்டு மாசமா தூக்கமே இல்லை, வீட்டில ஒரு கஷ்டம், என்னன்னு கேட்காதே, வாரத்துக்கு ஒருநாள் பேசு” என்று சொன்னாலே போதும். முழுவதையும் சொன்னால்தான் துணை கிடைக்கும் என்பதில்லை.

மாமியாரை எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இந்த விஷயத்தில் நஷ்டமே. “நீ வந்த நேரம்” என்று அவர் தொடங்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் மருத்துவரே நேரில் ஒருமுறை “இது சர்க்கரை மாதிரி ஒரு நோய்ம்மா, மாத்திரை போட்டா குறையும்” என்று சொல்லக் கேட்டால், மருமகள் நூறு தரம் சொல்லி நடக்காதது நடந்துவிடும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருவதைப் பார்த்த மாவட்டம் இது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். நீண்ட நாள் மாத்திரை என்பது இங்கே யாருக்கும் புரியாத சங்கதி இல்லை. மாத்திரை அட்டையைத் தன்னிடம் வைத்து இரவு சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கும் பொறுப்பை அந்தத் தாய் ஏற்றுக்கொண்டால், “மாத்திரை போட்டீங்களா?” என்று மனைவி தினம் கேட்டுக் குறை சொல்பவராகத் தோன்றும் ஒரு சந்தர்ப்பம் குறையும்.

இனி அந்தப் பதினைந்து முறைக் கேள்வி. அதற்குப் பதிலே சொல்லாமல் இருப்பது கொடுமை, ஒவ்வொரு முறையும் புதிதாக முழுப் பதில் சொல்வது சுழலுக்கு எண்ணெய். நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரு நாளில் ஒரு முறை, எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, முழுதாகப் பதில் சொல்ல வேண்டும்: “டாக்டர் இது குறையும்னு சொல்லியிருக்கார். நான் எங்கேயும் போகலை. இந்தக் கேள்வியைக் கேக்க வைக்கிறது இந்த நோய்தான்.” அடுத்த முறை வரும்போது, “காலையில சொன்னேன் இல்லையா, அது அப்படியேதான் இருக்கு. வாங்க, வால்வு திருப்பணும்” என்று கையைப் பிடித்து எழுப்ப வேண்டும். குரலில் சலிப்பு ஏறுமுன் இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம்.

வால்வைத் திருப்புவது சின்ன வேலையாகத் தோன்றும். மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சைகளில் செயலைத் தூண்டும் முறை என்று ஒன்று உண்டு, அதன் அடிப்படை இதுதான். மனம் வந்தபின் வேலை என்று காத்திராமல், மனம் வராதபோதே மிகச் சிறிய வேலையைக் குறித்த நேரத்தில் செய்வது. சொட்டுநீர்க் குழாயின் ஒரு வால்வு, மாட்டுக்குத் தண்ணீர், பத்து நிமிட நடை. “முழுத் தோட்டத்தையும் பாருங்க” என்று சொன்னால் தோல்வி நிச்சயம், “நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், படுங்க” என்றால் உதவாதவன் என்ற எண்ணம் வேரூன்றும். இரண்டாவது தவறைத்தான் அன்பு மிகுந்த மனைவிகள் அதிகம் செய்கிறார்கள். நிலத்தை விற்பது, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுப் பெங்களூருக்குப் போவது போன்ற பெரிய முடிவுகளை மட்டும் குணமாகும் வரை தள்ளிவைக்க வேண்டும். நோய் எடுக்கும் முடிவை நோய் போனபின் மாற்ற முடியாது.

ஓர் இடத்தில் ரகசியம் காக்கும் கடமை முடிந்துவிடுகிறது. “நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்க” என்பது போன்ற பேச்சு, திடீரென்று கணக்குகளை ஒப்படைப்பது, பிள்ளைகளை விடைபெறுவது போல் கட்டிக்கொள்வது. இவற்றைக் கண்டால் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: “செத்துடலாம்னு தோணுதா?” கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். பலருக்கு, ஒருவர் கேட்டுவிட்டாரே என்பதே ஆறுதலாக இருக்கும். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று அவர் சத்தியம் கேட்டால் அதைக் கொடுக்கக் கூடாது. “உங்க உயிர் விஷயத்தில மட்டும் நான் சத்தியம் பண்ண மாட்டேங்க” என்று சொல்லிவிட வேண்டும். அன்றே தம்பியை அழைத்து, அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 108. விவசாய வீட்டில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது வழக்கம். சிகிச்சை தொடங்கிய நாளிலேயே அவற்றை வேறு வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும், தேவைப்படும் நாளில் தம்பி வாங்கிவந்து அடித்தால் போதும். தற்கொலை எண்ணம் பல நேரம் அலைபோல் எழுந்து தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாததே உயிரைக் காக்கும். காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முறையை ஆய்வாகவே செய்து பார்த்ததும் இந்தக் காரணத்தால்தான். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

இங்கே கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். “நீ அம்மா வீட்டுக்குப் போனா நான் செத்துடுவேன்” என்று கணவர் சொன்னால் அதை மிரட்டல் என்று ஒதுக்கவும் கூடாது, அதற்குப் பணிந்து வாசற்படி தாண்டாமல் கிடக்கவும் கூடாது. ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு தம்பியிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். அவர் உயிரைக் காக்கும் காவலர் தான் ஒருத்தி மட்டுமே என்ற ஏற்பாட்டை மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அடிப்பதும் வேறு. நோய் எரிச்சலைத் தரும், கை நீட்டும் உரிமையைத் தராது. அடி விழும் வீட்டில் மனைவியின் முதல் வேலை தன்னையும் பிள்ளைகளையும் பாதுகாப்பது. பெண்கள் உதவி எண் 181.

நோய் மனைவிக்கு வந்தால் கதை வேறு விதமாக ஓடுகிறது. ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவரைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். சில வாரம் அது ஓய்வாக இருக்கும். மாதங்கள் ஆனால் “தள்ளிவிட்டார்” என்று ஆகிவிடும். அவர் கற்றுக்கொள்ள வேண்டியது விலகுவதை அல்ல, சமையலையும் பிள்ளைகளின் காலை நேரத்தையும் கையில் எடுத்து, மாமியாரை மாதத்தில் பத்து நாள் தன் வீட்டுக்கு அழைப்பதை.

மீண்டும் பாலக்கோட்டுப் பெண்ணிடம் வருவோம். அவர் தனக்கென்று மீட்டுக்கொண்டவை மூன்று. முதலாவது தூக்கம்: வாரத்தில் இரண்டு இரவு மாமியார் மகனுடைய அறையில் படுத்துக்கொள்கிறார், இவர் பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறார். இரண்டாவது மகளிர் குழு. தமிழ்நாட்டில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் முளைவிட்டதே 1989இல் அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் கூட்டத்தில் கணவரைப் பற்றி அவர் எதுவும் பேசுவதில்லை. சேமிப்பு, வட்டி, யாருடைய மாடு ஈன்றது என்ற பேச்சில் ஒரு மணி நேரம் அவர் நோயாளியின் மனைவியாக இல்லாமல் இருக்கிறார், அதற்காகத்தான் போகிறார். மூன்றாவது ஞாயிறு மாலை தங்கையின் போன். தன் நிலை மோசமாகிறதா என்று அறிய அவருக்கு ஓர் அளவுகோலும் உண்டு: இந்த மூன்றில் எதையாவது இரண்டு வாரம் தொடர்ந்து விட்டிருக்கிறாரா? விட்டிருந்து, சாப்பாடும் தூக்கமும் தனக்கே கெட்டு, பிள்ளைகள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அடுத்த முறை ஆஸ்பத்திரிச் சீட்டு அவர் பெயரிலும் போட வேண்டும்.

மாத்திரை தொடங்கிய ஆறாவது வாரத்தில் கணவரின் தூக்கம் ஐந்து மணி வரை நீண்டது. இந்தக் கட்டத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். சுறுசுறுப்பு முதலில் திரும்பும், நம்பிக்கை பின்னால்தான் திரும்பும். உடலில் தெம்பு வந்து மனத்தில் இருள் நீங்காத அந்த இடைவெளி ஆபத்தானது. எனவே பூச்சிமருந்து இன்னும் வேறு வீட்டிலேயே இருக்கிறது. நாலு நல்ல நாளுக்குப் பின் இரண்டு கெட்ட நாள் வருவதைப் பார்த்து “மாத்திரை கேக்கலை” என்று முடிவு செய்ய வேண்டியதில்லை, குணம் அப்படித்தான் ஏறி இறங்கி வரும். முற்றிலும் தேறிய பிறகும், முதல் முறை நோய் என்றால் 6 முதல் 9 மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வது வழக்கம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். எடுத்துக்கொண்ட பொறுப்புகளைத் திருப்பிக் கொடுப்பது. மூன்று மாதம் எல்லாவற்றையும் நடத்தியவருக்கு அது எளிதாக வராது. அவர் செய்தால் தப்பாகிவிடுமோ என்ற பயமும், இனி நம்ப முடியுமா என்ற கசப்பும் கையைப் பிடித்து இழுக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் மண்டிக் கணக்கு நோட்டைக் கணவர் பக்கம் நகர்த்தி வைக்கிறார். “இன்னைக்கு நீங்களே தம்பிகூடப் போய்ட்டு வாங்க.” திரும்பி வந்தவர் எழுதிய கணக்கில் இரண்டு கிரேட் குறைகிறது. மனைவி அதைப் பார்த்தார். சாயங்காலம் கணவரே கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வரை எதுவும் சொல்லவில்லை.